மொட்டையோட அட்ரஸ் வேணும்

கோத்தகிரி,
நவம்பர், விடாத மழை

டேய் மணி,

உன் ரெண்டு கடிதத்துக்கும் பதில் போடலை. திட்டிக்கோ. அம்மாவுக்கு முழங்கால் தேவலை. சின்னவன் பத்தாவது. வீட்டுச் சேதி அவ்வளவுதான்.

விஷயம் ஃபேக்டரியில. தேயிலை சலிக்கிற ரூமுக்குக் கணக்கெழுத ஒரு தம்பி வந்திருக்கான். வேலையில புலி. ஆனா துணி வாடையில பக்கத்துல நிக்க முடியலை. யாரோ அவன் மேஜையில ஒரு சென்ட் பாட்டிலை வச்சுட்டாங்க. பையன் அன்பளிப்புன்னு நினைச்சு தினமும் அடிச்சுக்கிட்டு வந்தான்! காஞ்ச தேயிலை பக்கத்துல இருக்கிற வாசனையையெல்லாம் இழுத்துக்கும். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

நான் கோழை. முதல்ல 'அனைவரும் சுத்தமாக வரவும்'னு நோட்டீஸ் ஒட்டினேன். ரெண்டு வேளை குளிக்கிற அக்கா ஒருத்தி, "என்னையா சார் சொல்றீங்க?"ன்னு கண் கலங்கி வந்து நின்னா. அவன் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. அன்னைக்கே கிழிச்சுட்டேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம், எல்லாரும் கிளம்பினதும், இலை எடை போடற ஷெட்டுக்குக் கூப்பிட்டேன். காலையில சொன்னா பாவம், நாள் முழுக்க அத்தனை பேர் நடுவுல கூனிக்கிட்டு உட்காரணும். "எல்லாரும் சொல்றாங்க"ங்கிற வார்த்தையை மட்டும் எடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். எடுத்தா, மறுநாள்ல இருந்து ஒவ்வொரு முகத்தையும் சந்தேகமா பார்ப்பான்.

"தம்பி, சங்கடமான விஷயம். உன் துணியில ஒரு வாடை வருது. நமக்கே தெரியாது, மூக்குக்குப் பழகிடும். வேலையில உன்கிட்ட ஒரு குறையும் இல்லை." அவ்வளவுதான், வாயை மூடிக்கிட்டேன். அதுதான்டா கஷ்டம். சோப்பு பத்தி ஒரு பிரசங்கமே தயாரா வச்சிருந்தேன்.

தராசுத் துருவை நகத்தால சுரண்டிக்கிட்டே இருந்தான். அப்புறம், "தினமும் குளிக்கிறேன் சார்"னான். நிஜம்தான். ஒத்தை ரூம், துணி நாலு நாளானாலும் காயலை. அரை ஈரத்துல மாட்டிக்கிட்டு வர்றான். ஒரே ஸ்வெட்டர், காயாதுன்னு துவைக்கவே இல்லை. புது வேர்வைக்கு அவ்வளவு நாத்தம் கிடையாது. ஈரத் துணியில ஊறுற கிருமிதான் வேலையைக் காட்டுது. காலையில ஒண்ணும் தெரியாம, உடம்புச் சூடு ஏறி பதினோரு மணிக்கு மேல வாடை கிளம்பினதுக்குக் காரணம் இப்பதான் புரிஞ்சுது.

இன்னொண்ணு சொன்னான் பாரு, அதுலதான் நடுங்கிப் போயிட்டேன். ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டு, கரி போட்ட கும்முட்டி மேல துணியைக் காயப் போடறானாம்! கரி எரியறப்போ வர்ற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலேயே ஆளை முடிச்சுடும். அதுக்கு மட்டும் கத்தினேன்.

இப்போ அவன் துணி எங்க பாய்லர் ரூம் ஓரமா காயுது, தேயிலைக்கு எட்டாத தூரத்துல. இன்னொரு ஸ்வெட்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். ஒரு வாரம் கழிச்சு, "இப்போ சரியாயிடுச்சு தம்பி"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னேன். மறுபடி அந்தப் பேச்சையே எடுக்கலை.

மணி, ஹாஸ்டல்ல மொட்டையோட சாக்ஸைக் குச்சியில தூக்கி ஊர்வலம் போனோமே. அவனும் சிரிச்சான்னுதான் இத்தனை வருஷமா நினைச்சேன். அடுத்த வாரமே ரூம் மாத்திக்கிட்டுப் போனானே, ஏன்னு நாம ரெண்டு பேரும் கேட்டோமா?

அவன் அட்ரஸ் உன்கிட்ட இருந்தா உடனே அனுப்பு.

உன்,
குண்டு