‘மார்க்’ என்று மட்டும் கேட்பவருக்கு என்ன பதில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில் எந்த இணையதளத்தில் பார்க்கலாம், பதிவெண்ணும் பிறந்த தேதியும் கையில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் நாளிதழ்கள் தவறாமல் வெளியிடுகின்றன. அதற்கடுத்த நாள்களில் பள்ளி அலுவலகத்துக்கும் வகுப்பாசிரியரின் வாட்ஸ்அப்புக்கும் வரும் கேள்விகளை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஒற்றைச் சொல்லாகவே வருகின்றன: ‘ரிசல்ட்’, ‘மார்க்’, சில சமயம் ‘சார் மார்க்’. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருந்துகொண்டு உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பையும் பார்ப்பதால், அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை விதமான தேவைகள் இருக்கின்றன என்பதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன்.

இப்படிக் கேட்பவருக்கு tnresults.nic.in என்ற முகவரியை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கவனிப்பதே பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் கேட்டவர் மதிப்பெண்ணை முதல் நாளே பார்த்திருக்கலாம். அவருக்கு வேண்டியது கல்லூரியில் கொடுக்கத் தற்காலிக மதிப்பெண் சான்றிதழாகவோ, விடைத்தாள் நகலாகவோ, கட் ஆஃப் கணக்காகவோ, துணைத்தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசித் தேதியாகவோ இருக்கலாம். ‘என்ன மார்க்? தெளிவாகச் சொல்லுங்கள்’ என்று திருப்பிக் கேட்பதும் பயன் தருவதில்லை. மறுகூட்டல், மறுமதிப்பீடு, நகல் என்ற பெயர்களைத் தெரிந்தவர் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்டிருப்பார். தெரியாதவர்தாம் ‘மார்க்’ என்கிறார்.

என் அனுபவத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘மார்க் பார்த்தாச்சா?’ இதற்கு ஆம், இல்லை என்று எவராலும் பதில் சொல்ல முடியும். அந்தப் பதிலே தேட வேண்டிய வழிகளைப் பாதியாகக் குறைத்துவிடும். தேர்ச்சி பெறாத பிள்ளையும் இந்தக் கேள்விக்குக் கூசாமல் பதில் சொல்லும் என்பதால், ‘பாஸா, ஃபெயிலா’ என்று எடுத்த எடுப்பில் கேட்பதைவிட இதையே நான் விரும்புகிறேன்.

இன்னும் பார்க்கவில்லை என்றால், பத்தாம் வகுப்பா, பன்னிரண்டா, மாநிலப் பாடத்திட்டமா, சி.பி.எஸ்.இ.யா என்பதை அடுத்துத் தெரிந்துகொண்டால் போதும். சி.பி.எஸ்.இ. பிள்ளைக்குத் தேர்வு எண்ணுடன் பள்ளி எண்ணும் நுழைவுச்சீட்டு எண்ணும் தேவைப்படுவதால், மாநிலத் தேர்வுக்கான முகவரியைக் கொடுத்தால் அலைச்சல்தான் மிஞ்சும். ‘பார்த்தேன், வரவில்லை’ என்று சொல்பவர்கள் தனி ரகம். அவர்களில் பலர் பிள்ளை பிறந்த உண்மையான தேதியைத் தட்டச்சு செய்திருப்பார்கள். பள்ளியில் சேர்த்தபோது எழுதிக் கொடுத்த தேதி வேறாக இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் உள்ள தேதியைச் சொன்னதும் முடிவு திரையில் வந்துவிடும். இதற்காகப் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் பெற்றோர் குழுவில் போடச் சொல்லும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. அந்த இரண்டும் இருந்தால் யாரும் அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட முடியும்.

மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டவர்களிடம்தான் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. அண்மையில் ஒரு தந்தை ‘மார்க்’ என்று அனுப்பினார். வேறொருவரிடம் கேட்டு இணையதள முகவரியை முன்பே வாங்கியிருந்தார். பார்த்தாச்சா என்று கேட்டதற்கு ‘பார்த்தாச்சு சார்’ என்று பதில் வந்தது. ‘மார்க் ஷீட் வேணுமா, மார்க் குறைவா வந்திருக்கா, காலேஜுக்குக் கணக்குப் போடணுமா?’ என்று மூன்றையும் அவர் பேசும் சொற்களிலேயே அடுக்கிக் கேட்டேன். ‘குறைவு, பிசிக்ஸ்’ என்றார். அதற்கு மேல் இன்னொரு கேள்வி கேட்கத் தேவையே இருக்கவில்லை. அவருடைய மகள் கணிதத்தில் 88, இயற்பியலில் 71, வேதியியலில் 79 பெற்றிருந்தார். இயற்பியலில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 ஆகிய இரண்டும் முழுமையாகக் கிடைத்திருந்ததால், எழுத்துத் தேர்வின் 70இல் கிடைத்தது 41தான். மாணவியோ ஐம்பதை ஒட்டி எதிர்பார்த்திருந்தார். பொறியியல் கட் ஆஃப் கணக்கில் கணிதம் முழுமையாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகவும் சேரும் என்பதால், அவருக்கு 88, 35.5, 39.5 என மொத்தம் 200க்கு 163 வந்தது. இயற்பியலில் ஆறு மதிப்பெண் கூடினால் கட் ஆஃபில் மூன்று கூடும். கலந்தாய்வில் மூன்று என்பது சிறிய வித்தியாசம் அன்று.

அந்தத் தந்தை தேடிய பொருளின் பெயர் விடைத்தாள் நகல். அதற்கு மாணவர் தாம் படித்த பள்ளி வழியாக, தேர்வுத்துறை அறிவிக்கும் சில நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நகலை வாங்காமல் மறுமதிப்பீடு கேட்க முடியாது. நகல் வந்ததும் பாட ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டு விடைக்குறிப்போடு ஒப்பிட வேண்டும். எழுதிய விடை திருத்தப்படாமல் விடப்பட்டிருந்தாலோ கூட்டலில் பிழை இருந்தாலோ மறுகூட்டல் போதும். சரியான விடைக்குக் குறைத்து மதிப்பெண் போட்டிருப்பதாகத் தெரிந்தால் மறுமதிப்பீடு. மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இணையதள முகவரியோடு அவருடைய கேள்வி முடிந்திருந்தால், விண்ணப்பிக்கும் நாள்கள் கடந்த பிறகுதான் இதெல்லாம் அவருக்குத் தெரிய வந்திருக்கும்.

கேள்வி எந்த நாளில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முடிவு வெளியாகும் காலையில் ‘ரிசல்ட்’ என்றால் பெரும்பாலும் பார்க்கத் தெரியாமல் தவிக்கிறார் என்று கொள்ளலாம். நான்கைந்து நாள் கழித்து வரும் ‘மார்க்’ பெரும்பாலும் சான்றிதழையோ நகலையோ குறிக்கிறது. துணைத்தேர்வு எழுதி முடித்த பிள்ளை கேட்கும் ‘ரிசல்ட்’ வேறு. இருந்தாலும் நாளை வைத்து ஊகிக்கலாமே தவிர, முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு கேள்விக்குப் பின்னும் ‘ஆமா சார்’ என்று மட்டும் பதில் வந்தால், தொடர்ந்து எழுதிக்கொண்டிராமல் தொலைபேசியில் அழைத்துவிடுவேன். தட்டச்சு வராதவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கைபேசியிலிருந்து அனுப்புகிறவர்கள், தோல்வியைச் சொல்லத் தயங்கும் மாணவர்கள் ஆகியோரே பெரும்பாலும் அந்த நிலையில் இருக்கிறார்கள். அழைத்ததும் பிள்ளையே பேசினால், அருகில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும்.

பள்ளிக் கல்வித்துறையின் 14417 உதவி எண்ணில் பேசுவோருக்கும், பள்ளி அலுவலகங்களில் தொலைபேசியை எடுப்போருக்கும் இந்த முதல் கேள்வியையும் அதன் இரண்டு கிளைகளையும் முடிவு வெளியாவதற்கு முன்பே ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும். தங்கள் நாளிதழும் அடுத்த தேர்வு முடிவு நாளில் இணையதள முகவரிக்குப் பக்கத்திலேயே, ‘மார்க் குறைவு என்று நினைத்தால்’, ‘ஒரு பாடம் போய்விட்டால்’, ‘கல்லூரிக்குத் தாள் வேண்டுமென்றால்’ என்று மக்கள் பேசும் சொற்களிலேயே தலைப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் எங்கே, எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதை வெளியிட வேண்டுகிறேன். அந்தத் தேதிகள் சில நாள் கழித்து அறிவிக்கப்பட்டால், அவற்றையும் முதல் பக்கத்திலேயே போட வேண்டும்.

இப்படிக்கு,
முதுகலை ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்