மூன்றாம் பக்கத்தைக் காணவில்லை: பெற்றோர் கருத்தரங்குக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பெற்றோரின் தடுப்பூசித் தயக்கம் பற்றி வெளிவந்துள்ள ஆய்வுகளைப் படித்து, நான்கு பக்கங்களுக்கு மிகாமல் ஒரு மீளாய்வு எழுதித் தருமாறு கேட்டீர்கள். தொண்டூழியராக எழுதித் தந்தேன். பெற்றோர் ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கான சான்றுகள் முதல் இரண்டு பக்கங்களிலும், எதைச் செய்தபோது பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஊசி போடப்பட்டது என்பதற்கான சான்றுகள் அடுத்த இரண்டு பக்கங்களிலும் இருந்தன. சென்ற ஞாயிற்றுக்கிழமை சமூக மன்றத்தில் வழங்கப்பட்ட கையேட்டில் முதல் இரண்டு பக்கங்கள் மட்டுமே இருந்தன. அவற்றின் அடியில், நான் எழுதாத ஒரு பத்தி "ஆகவே நமது திட்டம்" என்று தொடங்கியது. அந்த "ஆகவே" என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மடல்.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள், ஆகவே அச்சம் தவறென்று விளக்குவோம். நோயின் கொடுமையை அவர்கள் அறியவில்லை, ஆகவே தட்டம்மை கண்ட குழந்தைகளின் படங்களைத் திரையில் காட்டுவோம் என்பது உங்கள் திட்டம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணங்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை கருத்தாய்வுகளும் நேர்காணல்களுமே. உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு அவற்றைத் தொகுத்து, நம்பிக்கைக் குறைவு, நோயைப் பற்றிய அசட்டை, வசதிக் குறைவு என மூன்று தலைப்புகளில் வைத்தது. 1998இல் லான்செட் மருத்துவ இதழில் 12 குழந்தைகளை மட்டுமே வைத்து எழுதப்பட்டு, 2010இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை கிளப்பிய ஆட்டிச அச்சம் முதல் தலைப்பின்கீழ் வருகிறது. இத்தகைய ஆய்வுகள், ஒரு பெற்றோர் தம் முடிவுக்கு என்ன காரணம் சொல்கிறார் என்பதை நன்றாகவே காட்டும். அந்தக் காரணத்தை நீக்கினால் அவர் முடிவு மாறுமா என்று அவற்றில் எவரும் சோதிக்கவில்லை. அதைச் சோதிக்க வேறு வகை ஆய்வு வேண்டும். அவைதான் என் மூன்றாம் பக்கத்தில் இருந்தன.

உங்கள் திட்டத்தையே ஏறத்தாழ அப்படியே சோதித்த ஓர் ஆய்வு அங்கே இருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அமெரிக்காவில் பிரெண்டன் நைஹனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 1,759 பெற்றோரைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசி ஆட்டிசத்தை உண்டாக்காது என்ற விளக்கமும், ஒரு குழுவுக்கு நோய்களின் ஆபத்து பற்றிய தகவலும், இன்னொன்றுக்குத் தட்டம்மையால் சாவின் விளிம்புக்குச் சென்ற ஒரு குழந்தையின் கதையும், மற்றொன்றுக்கு நோயுற்ற குழந்தைகளின் படங்களும் தரப்பட்டன. ஊசி போடும் எண்ணத்தை இவற்றுள் ஒன்றுகூட உயர்த்தவில்லை. விளக்கம் படித்தவர்களிடம் ஆட்டிசம் பற்றிய தவறான நம்பிக்கை குறைந்தது. ஆயினும் தொடக்கத்திலேயே தடுப்பூசியை மிகவும் ஐயுற்றவர்களிடம் ஊசி போடும் எண்ணமும் சேர்ந்து குறைந்தது. படங்களைப் பார்த்தவர்களிடமோ ஆட்டிச நம்பிக்கை கூடியது. இந்த ஆய்வு எண்ணத்தை மட்டுமே அளந்தது, ஊசி போட்டார்களா என்று பார்க்கவில்லை. இத்தகைய எதிர்விளைவு பிந்தைய ஆய்வுகள் எல்லாவற்றிலும் தென்படவும் இல்லை. இந்தக் குறைகளையும் நான் எழுதியிருந்தேன். ஆனால் படம் காட்டினால் பயன் உண்டு என்று சொல்ல இதில் இடமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடிந்து மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது ஓர் இளம் தாய் என்னிடம் தம் மகனின் சுகாதாரக் கையேட்டைத் திறந்து காட்டினார். 12 மாதத்தில் போட்ட எம்எம்ஆர் ஊசிக்குத் தேதியும் முத்திரையும் இருந்தன; 15 மாதத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. குறித்த நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல். அடுத்துக் கிடைத்த தேதியில் கணவருக்கு இரவு வேலை, மூத்தவளைப் பாலர்பள்ளியிலிருந்து அழைத்துவர வேறு ஆள் இல்லை. அதன்பின் யாரும் நினைவூட்டவில்லை, அவரும் மறந்துவிட்டார். தட்டம்மைக்கான ஊசி இங்கே சிங்கப்பூரில் சட்டப்படி கட்டாயம் என்பதும், குடியுரிமை உள்ள பிள்ளைக்குப் பலதுறை மருந்தகத்தில் கட்டணம் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். தயங்கியவர் அல்லர் அவர், தவறவிட்டவர். அவர் என்னிடம் கேட்டது: "அக்கா, திரையில காட்டுனாங்களே, ஊசி போட்டா உடம்பெல்லாம் அப்படித் தடிச்சுப் போகுமா?" இரண்டு மணி நேர உரையில் அவர் புதிதாகப் பெற்றுச் சென்றது இந்த ஓர் ஐயத்தை மட்டுமே. ஒரு தாயின் கேள்வி சான்றாகாது என்பதை அறிவேன். ஆனால் உங்கள் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "தயக்கம்" என்று குறிக்கப்பட்டிருந்ததை நானே பார்த்தேன்.

சரி, எதற்குத்தான் சான்று இருக்கிறது என்று கேட்பீர்கள். சியாட்டில் பகுதியில் டக்ளஸ் ஓப்பெல் குழுவினர், மருத்துவரும் பெற்றோரும் தடுப்பூசி பற்றிப் பேசிய 111 உரையாடல்களைக் காணொளியாகப் பதிவு செய்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். "இன்றைக்கு இந்த ஊசிகள் போடவேண்டும்" என்று மருத்துவர் தொடங்கியபோது 26 விழுக்காட்டுப் பெற்றோர் மறுப்புக் காட்டினார்கள், "ஊசி பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று தொடங்கியபோது 83 விழுக்காட்டினர். இந்த எண்களைப் பார்த்ததும் துள்ளிவிடக் கூடாது. ஐயம் கொண்ட பெற்றோரை முன்பே அறிந்த மருத்துவர் அவரிடம் கேள்வியாகத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் எது காரணம், எது விளைவு? அதனால்தான் இந்த ஆய்வை நான் இரு பகுதிகளுக்கும் இடையில் வைத்தேன். 2017இல் நோயல் புரூவர் குழுவினர் வட கரோலினாவில் 30 மருந்தகங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கிருமியைத் தடுக்கும் எச்பிவி ஊசிக்கு இதே கேள்வியைச் சோதித்தார்கள். நேராக அறிவிக்கும் முறையில் பயிற்சி பெற்ற மருந்தகங்களில் 11, 12 வயதுப் பிள்ளைகள் ஊசியைத் தொடங்கிய விகிதம் ஆறு மாதத்தில், பயிற்சி பெறாதவற்றைவிட 5.4 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக உயர்ந்தது. நீண்ட உரையாடலுக்குப் பயிற்சி பெற்றவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறு ஊசி, வேறு நாடு, சிறிய ஏற்றம்தான். ஆனால் மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டில் எண்ணிப் பார்த்த ஏற்றம்.

எல்லாவற்றிலும் உறுதியான சான்று, ஐயோ பாவம், மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த முடியாத ஒன்றுக்கு இருக்கிறது: நினைவூட்டல். கடிதம், தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி ஆகியவற்றைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2018இல் வெளியிட்ட மீளாய்வு, நினைவூட்டப்பட்டவர்களில் ஊசி பெற்றோரின் விகிதம் சராசரியாக 8 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்ததைக் காட்டுகிறது. குறுஞ்செய்தியோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள முடியாது, சிறப்பு விருந்தினரை அழைக்கவும் முடியாது. அதனால்தான் மூன்றாம் பக்கம் காணாமல் போனதோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். பொறுத்தருள்க.

என் வேண்டுகோள் இதுதான். காரணங்களுக்கான சான்றையும் தீர்வுகளுக்கான சான்றையும் தயவுசெய்து பிரித்தே வெளியிடுங்கள், இரண்டையும் வெளியிடுங்கள், இடையில் ஒட்டிய "ஆகவே" பத்தியை நீக்குங்கள். அடுத்த நிகழ்ச்சியில் படங்களைக் காட்டுவதற்குப் பதிலாக அந்த நேரத்தில், வந்திருக்கும் பெற்றோரின் சுகாதாரக் கையேடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வெறுமையாக உள்ள கட்டங்களுக்குத் தேதி பதிவுசெய்ய உதவி, அவர்கள் இசைந்தால் இரண்டு நாள் முன்னதாக ஒரு குறுஞ்செய்தி அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு தொண்டூழியர்கள் போதும். ஒருவராக நான் வருகிறேன்.

விடுபட்ட இரு பக்கங்களில் நூறு படிகள் என் செலவிலேயே எடுத்து வைத்திருக்கிறேன். எந்த மாலையில் கொண்டுவந்து தரலாம் என்பதை மட்டும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மீளாய்வை எழுதிய தொண்டூழியர்