செல்வம் எழுதியதும் உன்னிடம் வந்து சேர்ந்ததும்

அன்புள்ள மணி,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உன் கடிதத்தில் இருந்த சூட்டைப் பார்த்தால் உடம்பில் தெம்புக்குக் குறைவில்லை. இத்தனை நாள் எழுதவில்லை என்று என்னைத் திட்டத் தொடங்காதே. இப்போது உனக்குத் திட்ட வேறு ஆள் கிடைத்திருக்கிறான். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாம் நாலு பேரும் சேர்ந்து கொண்டுவரும் வாத்தியாரின் புத்தகத்தைப் பற்றிக் கோபு உன்னிடம் போனில் சொன்னதாக நீ எழுதியது இது: "செல்வம் விலகிட்டானாம். புத்தகத்துல அவன் பேரே வரக்கூடாதாம். கேக்காம செஞ்சுட்டோம்னு ஒரே கோபம்."

செல்வம் கோபுவுக்கு எழுதியதை நான் பார்த்தேன். அவனுடைய அனுமதியோடு அப்படியே தருகிறேன்:

"அட்டையில் என் பெயர் இப்போதைக்கு வேண்டாம். அம்மாவின் சிகிச்சை முடியட்டும். என்னைக் கேட்காமல் போட்டதில் கொஞ்சம் வருத்தம்தான், அது இருக்கட்டும். கட்டுரைகளைத் திருத்தித் தர மாட்டேன் என்று சொல்லவில்லை. எப்போது முடியும் என்றுதான் சொல்ல முடியவில்லை."

கோபு பொய் சொல்லவில்லை, கவனி. அவன் சொன்னதில் பெரும்பாலானதற்கு இந்தச் செய்தியில் ஏதோ ஓர் ஆதாரம் காட்டுவான். ஆனால் முதலில் காணாமல் போனது கேள்வி. "நம்ம நாலு பேர் பெயரையும் அட்டையில் போட்டுட்டேன், அச்சுக்குக் கொடுக்கலாமா?" என்று கோபு கேட்டதற்கு வந்த பதில் இது. அட்டையைப் பற்றிக் கேட்டால் அட்டையைப் பற்றித்தானே பதில் வரும்? கேள்வியை உருவிவிட்டதும் அந்தப் பதில் வாத்தியாரின் புத்தகத்தையே அவன் உதறியதாக மாறிவிட்டது.

அடுத்தது 'இப்போதைக்கு'. போனில் சுருக்கிச் சொல்லும்போது முதலில் உதிர்வது இந்த மாதிரிச் சின்னச் சொற்கள்தான். கூடவே 'பெயர் வேண்டாம்' என்பது 'பேரே வரக்கூடாதாம்' ஆனது. அந்த ஏகாரம் கோபுவுடையது. அந்த 'ஆம்' இருக்கிறதே, 'நான் சொல்லவில்லை, அவன் சொன்னான்' என்று ஒதுங்கிக்கொள்ளும் வேலையோடு, கொஞ்சம் நக்கலையும் சேர்த்துவிடும். 'வரமாட்டானாம்' என்று எவ்வளவு சாதுவாகச் சொன்னாலும் உதடு லேசாகக் கோணத்தான் செய்கிறது.

எனக்கு ஆறவே ஆறாதது 'ஒரே கோபம்'. எழுத்தில் வந்த செய்திக்குக் குரல் ஏது? கத்தினானா, சலித்துக்கொண்டானா, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவசரமாகத் தட்டினானா என்று கோபுவுக்கு எப்படித் தெரியும்? செல்வம் எழுதியது 'கொஞ்சம் வருத்தம்'. கோபு அதைத் தன் குரலில் படித்துப் பார்த்திருக்கிறான். அவன் குரலில் எதைப் படித்தாலும் சண்டை மாதிரித்தான் இருக்கும், உனக்குத் தெரியாததா!

இதைச் சொல்லிவிட்டு நான் மறுபக்கம் சாயவும் கூடாது. 'செல்வத்துக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை, வேலை அதிகம், அவ்வளவுதான்' என்று உனக்கு எழுதியிருக்கலாம், நீயும் சமாதானமாகியிருப்பாய். ஆனால் அதுவும் திரிப்புதான். கேட்காமல் பெயரைப் போட்டது அவனுக்கு உறைத்திருக்கிறது, அதை அவனே சொல்லியும் இருக்கிறான். அதேபோல, 'மாட்டேன் என்று சொல்லவில்லை' என்பதை 'செய்து தருகிறேன் என்றான்' என்று மாற்றி உனக்கு நம்பிக்கை தரவும் எனக்கு உரிமை கிடையாது. அவன் கதவைச் சாத்தவில்லை, வாக்கும் கொடுக்கவில்லை. அந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் செய்தி. என் ஊகத்தைக் கேட்டால், திருத்தித் தருவான் என்றே நினைக்கிறேன். ஆனால் இது நான் சொல்வது, அவன் சொன்னதல்ல.

செய்தியைப் படம் பிடித்து அனுப்பியிருக்கலாமே என்பாய். அதே திரையில் அம்மாவின் உடல்நிலை பற்றி அவன் கோபுவுக்கு மட்டும் எழுதியதும் இருந்தது. அதனால் உனக்கு எழுதப்போவதை முதலில் செல்வத்துக்கே அனுப்பி, "இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டேன். நான் 'மனம் புண்பட்டிருக்கிறது' என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்திவிட்டான். "புண்ணெல்லாம் இல்லடா, வருத்தம்னுதானே எழுதினேன், அதையே சொல்லு" என்றான். அம்மாவுக்குச் சிகிச்சை நடப்பதைச் சொல்லலாம், விவரம் வேண்டாம் என்றான். "மணி கோபமா இருக்கானா?" என்றும் கேட்டான். உன் கடிதத்தில் இருந்ததையே சொன்னேன்: 'அவன் இல்லாமல் இந்தப் புத்தகம் எதற்கு?' என்று நீ கேட்டிருந்தாய் என்று. அதற்கு முன்னால் நீ எழுதியிருந்த இரண்டு வசவுகளையும் விடவில்லை, வரிசை மாறாமல் சொன்னேன். சிரித்தான்.

அட்டையை நிறுத்திவைக்கச் சொல்லிக் கோபுவுக்கு எழுதிவிட்டேன். திருத்தும் வேலையைப் பற்றி நீயே செல்வத்திடம் கேள். என் வழியாக வேண்டாம், கோபு வழியாக வேண்டவே வேண்டாம்.

அன்புடன்,
சங்கரன்