காலில் துடிப்பு, கையில் போன்

ஆசிரியருக்கு,

போன மாதம் என் இடது கெண்டைக்கால் தசை தானாகத் துடிக்கத் தொடங்கியது. இரவு போனில் தேடினேன். மூன்றாவது வரியிலேயே, தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல அழிந்துபோகும் மோட்டார் நியூரோன் நோய் என்று வந்தது. அப்புறம் தூக்கம் ஏது? லுங்கியைத் தூக்கிக் காலையே பார்த்தபடி விடிய விடிய இருந்தேன். மறுநாள் தோளிலும் கண்ணிமையிலும் துடித்தது.

திருகோணமலையில் டொக்டர் ஒருவரிடம் போனபோது அவர் துடிப்பைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. குதிகாலில் நட, நுனிக்காலில் நட என்றார். சட்டைப் பொத்தானைப் பூட்டச் சொன்னார். எல்லாவற்றையும் என்னால் செய்ய முடிந்தது. "நேற்றுச் செய்ததை இன்றும் செய்ய முடிகிறதா? அதுதான் கேள்வி" என்றார்.

அந்த நோயில் பலம் குறையும். செருப்பு காலிலிருந்து நழுவும், சாவியைத் திருப்ப முடியாது, பேச்சுக் குழறும், ஒரு கை அல்லது கால் மெலியும். நாளாக நாளாக அது கூடும். அப்படியென்றால் தாமதிக்கக் கூடாது. பலம் குறையாமல் இடம் மாறி மாறித் துடிப்பது பெரும்பாலும் தூக்கக் குறைவாலும் தேநீராலும் பதற்றத்தாலும் வருவதாம். நானோ நாளுக்கு ஏழு பிளேன்டீ குடிக்கிறவன்!

இன்னொன்றையும் கவனித்தேன். உப்புவெளிக் கடற்கரையில் மகனோடு பந்து விளையாடிய ஒரு மணி நேரம் துடிப்பு நினைவுக்கே வரவில்லை. போனை எடுத்ததும் வந்துவிட்டது. இப்போதும் எப்போதாவது துடிக்கிறது. நான் லுங்கியைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை