கமக்காரர் ஓய்வூதியம்: 47 வீதம் போதாது

ஆசிரியருக்கு,

கடந்த வாரம் எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஓய்வூதியத்தைக் கூட்டித் தரக் கோரும் மனுவை எழுதிக்கொண்டிருந்தோம். அப்போது அமைப்பின் இளம் உறுப்பினர் ஒருவர், "ஐயா, 2022இல் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. இப்ப ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. இனி என்னத்துக்குக் கூட்டச் சொல்லுறியள்?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நன்றாகப் படித்தவர்களும் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதால்தான் இக்கடிதம்.

பணவீக்கம் இறங்கினால் விலை ஏறும் வேகம்தான் குறைகிறது. ஏறிய விலை ஏறியபடியே நிற்கும். எங்கள் தண்ணீர்ப் பம்புக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்ட் வரை லீற்றர் 87 ரூபாய். அந்த மாதம் ஒரே இரவில் 340 ஆனது. பிறகு இறங்கி 180 ரூபாயை அண்டி வந்தது. இறங்கியதுதான், ஆனால் 87க்குத் திரும்பவில்லையே. அரிசியும் அப்படித்தான். நெருக்கடிக்கு முன் கிலோ ஏறத்தாழ 100 ரூபாய்க்கு வாங்கிய நாட்டரிசிக்கு 2024 டிசம்பரில் அரசு விதித்த உச்ச விலையே 230 ரூபாய்.

1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த கமக்காரர் ஓய்வூதியத்தில், எந்த வயதில் சேர்ந்தோமோ அதற்கேற்ப மாதத் தொகை முடிவாகிறது. பிந்திச் சேர்ந்த எனக்கு மாதம் 1,000 ரூபாய். 2014இல் 60 வயதாகிக் கையில் வாங்கிய அதே தொகைதான் இன்றும். முன்பு அந்தக் காசுக்குப் பத்துக் கிலோ அரிசி வந்தது. இப்போது நாலரைக் கிலோ வருவதே கஷ்டம்.

அப்படியானால் எவ்வளவு கூட்டினால் இழந்தது திரும்பும்? மனுவில் எங்கள் ஆட்களே பிழைவிட்ட இடம் இதுதான். அன்றாடம் வாங்கும் பொருட்களின் விலைமட்டத்தைக் காட்டும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் 2021 சராசரி 100. நெருக்கடிக்குப் பிறகு அது 190ஐச் சுற்றி நிற்கிறது. 1,000 ரூபாயை 1.9 ஆல் வகுத்தால் 526 வரும். 2021இன் விலைக்கு என் கையில் இருப்பது அவ்வளவுதான். 474 ரூபாய், அதாவது 47 வீதம் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு "47 வீதம் கூட்டுங்கள்" என்று மனுவில் எழுதிவிட்டார்கள். கூட்டிப் பாருங்கள்: 1,474 ரூபாய். அதையும் 1.9 ஆல் வகுத்தால் 776 தான். இன்னும் கால்வாசிக்குக் கிட்டக் குறைகிறது. பழைய பெறுமதி வர 1,900 ரூபாய் வேண்டும், அதாவது 90 வீத உயர்வு. இழப்பு வீதமும் அதை ஈடுசெய்யும் உயர்வு வீதமும் ஒன்றல்ல. இழப்பைப் பெரிய தொகையில் கணக்கிடுகிறோம், உயர்வைத் தேய்ந்துபோன சிறிய தொகையில் கணக்கிடுகிறோம்.

இதுவும் 2021 முதலான கணக்கு மட்டுமே. 2014 தொடக்கம் 2021 வரை விலைகள் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஏறிவிட்டன. 35 வீதம் என்று குறைத்தே வைப்போம். 35ஐயும் 90ஐயும் கூட்டி 125 வீதம் என்று கேட்பது அடுத்த பிழை. ஏறிய விலையின் மேல்தான் அடுத்த ஏற்றம் விழுகிறது, ஆகவே பெருக்க வேண்டும்: 1.35 தர 1.9, 2.565. 2014இன் ஆயிரத்துக்கு ஈடாக இன்று கிட்டத்தட்ட 2,565 ரூபாய் வேண்டும். கூட்டிக் கேட்டால் மாதம் 315 ரூபாயை நாங்களே விட்டுக்கொடுக்கிறோம்.

கொழும்புச் சுட்டெண் கணக்கில் எடுக்கும் செலவில் உணவின் பங்கு 26 வீதமளவு. தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் அது 39 வீதமளவு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வயதானவர்களின் காசு பெரும்பாலும் சோற்றுக்குத்தான் போகிறது. எனவே எங்களுக்கு அளவுகோலாகத் தேசியச் சுட்டெண்ணையே எடுக்க வேண்டும்.

ஒருமுறை கூட்டிவிட்டு மறந்தாலும் பயனில்லை. மத்திய வங்கி நல்லதென்று வைத்திருக்கும் பணவீக்க இலக்கே ஆண்டுக்கு 5 வீதம். அந்த இலக்கைப் பிசகாமல் காத்தாலும் மாறாத ஓய்வூதியம் 14 ஆண்டில் பாதியாகும். 60இல் வாங்கத் தொடங்கியவர் 74இல், மருந்துச் செலவு கூடும் வயதில், அரைப் பென்சனோடு நிற்பார்.

இது சந்தாப் பணத்தில் நடக்கும் திட்டம். நாங்கள் கட்டிய சந்தாவும் பழைய ரூபாயில்தான் கட்டப்பட்டது, அந்த நிதியால் மட்டும் இந்த உயர்வைத் தாங்க முடியாது என்பது எனக்கு விளங்குகிறது. குறைகிற பங்கைத் திறைசேரிதான் போட வேண்டும். முழுவதையும் ஒரே ஆண்டில் தர முடியாவிட்டால் மூன்று தவணையாகத் தாருங்கள். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளின் விலையேற்றத்தையும் ஒவ்வொரு தவணையிலும் பெருக்கிச் சேருங்கள். அதன்பின் ஒவ்வொரு ஜனவரியிலும், முந்திய ஆண்டில் தேசியச் சுட்டெண் ஏறிய வீதத்தால் தொகை தானாக உயரும் என்று சட்டத்தில் எழுதுங்கள்.

எங்கள் மனுவில் 47ஐ வெட்டித் திருத்திவிட்டோம். வன்னியின் மற்றைய கமக்காரர் அமைப்புகளும் அனுப்புவதற்கு முன் தங்கள் மனுவை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

ஓய்வூதியம் பெறும் கமக்காரர் ஒருவர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.