ஒரே ஒரு எண்ணை வைத்து நிலத்தடி நீருக்கு வயது சொல்ல முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நிலத்தடி நீர் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், ஓர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கார்பன் சோதனை செய்ததில் வயது பத்தாயிரம் ஆண்டு என்று தெரிந்ததாகவும், ஆகவே அங்கே இப்போது மழைநீர் கீழே இறங்குவதே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பத்தாயிரம் என்ற எண்ணே சந்தேகத்துக்குரியது. அது சரியென்றே வைத்துக்கொண்டாலும், மழைநீர் இறங்கவில்லை என்ற முடிவு அதிலிருந்து வராது.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ஒரு கிணற்று நீரில் கரைந்திருக்கும் கார்பனில், காலப்போக்கில் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 நவீன அளவில் 30 சதவீதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 5,730 ஆண்டு. தொடக்கத்தில் 100 இருந்து 30 ஆகக் குறைந்திருந்தால் வயது ஏறக்குறைய 10,000 ஆண்டு, சரிதான். ஆனால் தொடக்கத்தில் 100 இருந்தது என்று யார் சொன்னது? மழைநீர் வேர்ப்பகுதியைக் கடக்கும்போது மண்ணிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு கொஞ்சம் அமிலமாகிறது, அப்புறம் கீழே சுண்ணாம்புப் பாறை இருந்தால் அதைக் கரைக்கிறது. அந்தப் பாறையில் கார்பன்-14 எப்போதோ அழிந்துபோயிருக்கும். ஆக, நீரில் கரைந்த கார்பனில் பாதி மண்ணிலிருந்தும் பாதி பாறையிலிருந்தும் வந்தால் கடிகாரம் 50-இல்தான் ஓடத் தொடங்குகிறது. அதைக் கவனிக்காவிட்டால், போன வருடம் பெய்த மழைக்குக்கூட 5,730 ஆண்டு வயது வரும்!

இதைத் திருத்த, சிதையாத கார்பன் வகையான கார்பன்-13 உதவும், அதையும் அதே மாதிரியில் அளந்துவிடலாம். பெரும்பாலான மரங்கள் வளரும் மண்ணில் கார்பன்-13 விகிதம், ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டால், ஆயிரத்துக்குச் சுமார் −23 இருக்கும், கடலில் உருவான சுண்ணாம்புப் பாறையில் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். நம் கிணற்று நீரில் −11.5 வந்தால் பாதிக்குப் பாதி கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். இப்போது 50-இலிருந்து 30-க்கு வர எடுத்த காலம் சுமார் 4,200 ஆண்டுதான். சோளம், கரும்பு மாதிரியான பயிர்களோ வெப்பநிலப் புற்களோ நிறைந்த மண் என்றால் −23 என்பதே செல்லாது, அந்த இடத்து மண்வாயுவை எடுத்து அளந்தாக வேண்டும். பலர் இதைச் செய்யாமல் புத்தகத்தில் உள்ள எண்ணையே போட்டுவிடுகிறார்கள், அது எனக்குப் பெரிய வருத்தம்.

இங்கேதான் டிரிட்டியம் வருகிறது. கார்பன் நீரில் கரைந்து வரும் பயணி என்றால், டிரிட்டியம் அந்த நீரே: ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் அதன் கனமான வடிவம் உட்கார்ந்திருக்கிறது. பாறையோடு வினைபுரிந்து கணக்கைக் குழப்பாது. அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளால் மழையில் அது பல மடங்கு ஏறி, வட அரைக்கோளத்தில் 1963-ஐ ஒட்டி உச்சம் தொட்டது. அதற்கு முன் பெய்த மழையில் இயற்கையாக இருந்த, டிரிட்டியத்தை அளக்கும் கணக்கில் சில யூனிட், இன்றைக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போயிருக்கும்.

இனி அதே கிணற்றில் 1.5 டிரிட்டியம் யூனிட் கிடைக்கிறது என்று கொள்ளுங்கள். நாலாயிரம் ஆண்டு நீரில் டிரிட்டியம் இருக்கவே முடியாது, அப்படியென்றால் இது கலப்பு நீர். இன்றைய மழையில் அங்கே 5 யூனிட் என்றால், புதுநீர் சுமார் 30 சதவீதம். இரண்டு நீரிலும் கரைந்த கார்பன் சம அளவு என்று வைத்து அந்தப் புதுநீரின் பங்கைக் கழித்தால், மீதி 70 சதவீதத்தின் வயது 7,000 ஆண்டுக்கு அருகே போகிறது. பத்தாயிரமும் இல்லை, நாலாயிரமும் இல்லை, இரண்டு வெவ்வேறு நீர் ஒரே குழாயில் வருகிறது. குழாயில் பல ஆழங்களில் துளை இருந்தாலும், மேல்பகுதி உறைக்குழாயைச் சுற்றி அடைப்பு சரியில்லாவிட்டாலும் இப்படித்தான் ஆகும். மாதிரி எடுப்பதிலும் தவறு வரலாம்: பாட்டிலில் காற்று இருந்தால் புதுக் கார்பன் ஏறிவிடும், ஒளிரும் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு மாதிரி எடுத்தால் அதிலிருக்கும் டிரிட்டியமே நீரைக் கெடுக்கலாம்.

மழைநீர் எவ்வளவு இறங்குகிறது என்பது வேறு கேள்வி, அதற்கு, மேலே நீர்புகா அடுக்கு மூடாத நீர்த்தாங்கியில், அதாவது நீரைத் தாங்கும் நிலத்தடி அடுக்கில், வெவ்வேறு ஆழத்தில் குறுகிய துளைப்பகுதி கொண்ட கண்காணிப்புக் குழாய்கள் வேண்டும். நீர்மட்டத்துக்கு 6 மீட்டர் கீழே உள்ள நீருக்கு 20 வயது, மண்ணின் துளைவெளி 25 சதவீதம் என்றால், 6-ஐ 0.25-ஆல் பெருக்கி 20-ஆல் வகுக்க வேண்டும்: ஆண்டுக்கு 75 மில்லிமீட்டர். நீர்த்தாங்கி அந்த 6 மீட்டரைவிட வெகு ஆழமாக இருந்தால்தான் இந்த எளிய கணக்கு பொருந்தும். அந்த 20 வயதைக்கூட டிரிட்டியம் மட்டும் சொல்லாது. இன்றைய மழையும், தேய்ந்துபோன குண்டுக்கால மழையும் ஒரே அளவைக் காட்டக்கூடும், ஆகவே டிரிட்டியம் சிதைந்து உண்டாகும் ஹீலியம்-3-ஐயும் சேர்த்து அளப்பார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி போடும்போது கார்பன்-14, கார்பன்-13, டிரிட்டியம் மூன்றையும், குழாயின் துளைப்பகுதி எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள். ஏற்கெனவே வந்த கட்டுரைக்கும் இந்த விவரங்களைக் கேட்டு வாங்கி வெளியிட முடியுமா?

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்