கெட்ட செய்தியை ஸ்பான்சருக்கு அப்படியே போகவிடுங்கள்: பி.எம்.ஓ.வுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பி.எம்.ஓ. எனும் திட்ட மேலாண்மை அலுவலகக் குழுவினருக்கு,

வணக்கம். காப்பீட்டு நிறுவனத் தரவு இடமாற்றத்தின் இரண்டாம் சோதனை ஓட்டம் என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். அன்று மாலையே நாங்கள் எழுதிய மெயில் உங்களில் மூன்று பேர் பார்வைக்குப் போய், நான்கு நாள் கழித்து, திட்டத்தின் இறுதி முடிவை எடுக்கும் ஸ்பான்சரிடம் சேர்ந்தது. சேர்ந்தபோது அதில் இருந்தது இவ்வளவுதான்: "சோதனை பெருமளவு வெற்றி. சில செயல்திறன் சவால்கள் கண்டறியப்பட்டுள்ளன. குழு முழு மூச்சாக உழைத்து வருகிறது." நிலை: மஞ்சள். மூன்று பேர் திருத்தியும் முதல் வரியில் இருந்த எழுத்துப்பிழை மட்டும் பிழைத்துக்கொண்டது.

முதலில் எழுதியதில் எண்கள் இருந்தன. இடமாற்றத்துக்குக் கிடைப்பது வெள்ளி இரவு 8 மணி முதல் திங்கள் காலை 6 மணி வரை, 58 மணி நேரம். சோதனை ஓட்டம் எடுத்துக்கொண்டது 71. இதைவிட முக்கியமான எண் ஒன்றும் இருந்தது. ஏதாவது தவறினால் பழைய அமைப்பை மீட்க 9 மணி நேரம் வேண்டும். அப்படியானால் "தொடர்வதா, திரும்புவதா" என்பதை ஞாயிறு இரவு 9 மணிக்குள் முடிவு செய்தாக வேண்டும். உண்மையில் கையில் இருப்பது 49 மணி நேரமே. ஆக, பற்றாக்குறை 13 அல்ல, 22. "செயல்திறன் சவால்கள்" என்பதிலிருந்து எந்த ஸ்பான்சரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பாதிப்பும் அவர் மொழியில் இருந்தது. இப்படியே போனால் திங்கள் இரவு 7 மணி வரை கிளைகளில் பிரீமியம் வாங்க முடியாது, கிளெய்ம் பதிய முடியாது. இன்டெக்ஸை நீக்காமலே தரவு ஏற்றப்பட்டதுதான் தாமதத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்பதை ஒரே வரியில், இன்னும் உறுதியாகவில்லை என்ற குறிப்போடு சொல்லி, லாகைத் தனி இணைப்பாக வைத்திருந்தோம். ஸ்பான்சருக்கு இன்டெக்ஸ் வேண்டாம். திங்கட்கிழமை என்ன ஆகும் என்பது வேண்டும்.

அடுத்து மூன்று வழிகள். ஒன்று, நான்கு வாரம் தள்ளிப்போடுவது: பழைய மென்பொருளின் உரிமத்தை ஒரு மாதம் நீட்டிக்கும் செலவு உண்டு, ஆபத்து குறைவு. இரண்டு, நடப்பில் உள்ள பாலிசிகளை மட்டும் இப்போது மாற்றுவது: கணக்குப்படி 46 மணி நேரம், மிச்சம் 3 மட்டுமே, முடிந்துபோன பாலிசிகளை ஒரு மாதம் பழைய திரையில்தான் தேட வேண்டும். மூன்று, திங்களன்று கிளைகளை மூடுவது: ஒரு நாள் வசூல் போகும். 71 அளந்தது, 46 மதிப்பீடு என்பதும் மெயிலில் தெளிவாக இருந்தது. பரிந்துரை இரண்டாவது வழி. ஆனால் வரும் சனிக்கிழமை இன்னொரு சோதனை ஓட்டத்தில் அந்த 46 நிரூபணமானால் மட்டும். அதற்குச் சர்வர்களை ஒதுக்க, வியாழன் மாலை 5 மணிக்குள் அவர் முடிவு தேவை.

மெயில் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை. அதற்குள் இரண்டாவது வழி செத்துப்போயிருந்தது. உங்கள் திருத்தம் கெட்ட செய்தியை மென்மையாக்கவில்லை. ஸ்பான்சர் கையிலிருந்த நல்ல வழியைத்தான் பிடுங்கியது. எனவே கேட்கிறோம்: இத்தகைய மெயில் 24 மணி நேரத்துக்குள், எண்கள் மாறாமல், ஸ்பான்சருக்குப் போக வேண்டும்.

"அவரைப் பதற்றப்படுத்தக் கூடாது" என்கிறீர்கள். பதறாமல் இருக்கத்தான் மெயிலுக்கு முன்னால் பத்து நிமிடம் போனில் பேசுகிறோம். தலைப்பில் "முடிவு தேவை, வியாழன் மாலை 5 மணி" என்று போடுகிறோம். நகலில் இருபது பேரைச் சேர்க்காமல் முடிவோடு தொடர்புள்ளவர்களை மட்டும் வைக்கிறோம். பதற்றம் செய்தியால் வருவதைவிட, செய்தியைக் கடைசியாகத் தெரிந்துகொள்வதால்தான் அதிகம் வருகிறது.

பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் இதேபோல் தரவு இடமாற்றம் செய்தபோது, லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022இல் வங்கிக்கு 4.8 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம்; மறு ஆண்டு அதன் அன்றைய தகவல் தொழில்நுட்பத் தலைமை அதிகாரிக்கும் தனியாக அபராதம். அங்கேயும் டேஷ்போர்டுகளுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. நம்மிடமும் இல்லை: வாரம் ஒரு வார்ப்புரு, மாதம் ஒரு வண்ண அட்டவணை, வெளியே பச்சையும் உள்ளே சிவப்புமான தர்பூசணி அறிக்கைகள் போதுமான அளவு இருக்கின்றன.

மன்னிக்கவும், கேட்க வந்ததற்குத் திரும்புகிறோம். மொழியைத் திருத்துங்கள், எழுத்துப்பிழையையும் சேர்த்து. எண், வழிகள், முடிவுக்கான கெடு ஆகிய மூன்றையும் எழுதியவர் சம்மதமின்றித் தொடாதீர்கள். 24 மணி நேரத்தில் உங்கள் கருத்து வராவிட்டால் மெயிலை அப்படியே அனுப்ப அனுமதியுங்கள். மூன்றாம் சோதனை ஓட்டத்துக்கு முன்பாக இதை எழுத்தில் உறுதிசெய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திட்ட மேலாளர்கள்